டிஷ்வோஷர் போடும் சத்தம்: எது வழமை, எது பழுது?

இணுவிலில் இருக்கும் எங்கள் அம்மாவின் குசினியில் டிஷ்வோஷர் பூட்டிய முதல் இரவு, அம்மா அதை இரண்டு தரம் இடையில் நிறுத்திவிட்டார். கனடாவில் இருக்கும் அக்கா, அம்மாவின் முழங்கால் நோவை நினைத்து வாங்கிக் கொடுத்த மெசின் அது. இரவு ஒன்பது மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, உதுக்குள்ள ஆரோ தட்டுற மாதிரி சத்தம் வருது. பிறகு ஒண்டும் கேக்குதில்லை. பிறகு உறுமுது. எனக்குப் பயமாக் கிடக்கு."

"நிப்பாட்டாதேங்கோ அம்மா, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அன்றிரவு ஒரு கொப்பியும் மணிக்கூடும் எடுத்துக்கொண்டு மெசினுக்கு முன்னால் கதிரை போட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை இருந்து, வந்த ஒவ்வொரு சத்தத்தையும் நிமிடத்தோடு எழுதினேன். ஒரு மணி இருபது நிமிட ஓட்டம். அந்தக் கொப்பிதான் பிறகு இரண்டு பெரிய பழுதுகளைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க உதவியது. அதில் இருந்ததையும், அதன் பிறகு கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் இரவின் கொப்பி

கதவை மூடி பொத்தானை அமர்த்தியதும் "டக்" என்று ஒரு சத்தம். உள்ளே இருக்கும் மின்சார ஆளி மாறும் சத்தம் அது. உடனே அரை நிமிடம் அளவுக்கு ஒரு "உர்ர்ர்". தண்ணீரே இன்னும் எடுக்கவில்லை, எதற்கு உறுமுகிறது என்று அம்மா பயந்தது இந்த இடத்தில்தான். முந்தைய கழுவலின் மிச்சத் தண்ணீர் அடியில் கிடந்தால் அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் மெசின் வேலையைத் தொடங்கும். வெளியேற்றும் பம்பின் சத்தம் அது. தள்ளுவதற்குத் தண்ணீர் குறைவாக இருப்பதால் கொஞ்சம் கரகரப்பாகவும் கேட்கும்.

அடுத்து இன்னொரு "டக்", அதோடு "ஸ்ஸ்ஸ்" என்ற தண்ணீர் ஓசையும் ஒரு மெல்லிய ரீங்காரமும். தண்ணீர் எடுக்கும் வால்வு திறந்துவிட்டது. ஒன்றரை நிமிடம் அளவில் அது நின்று, ஆழமான தொனியில் ஒரு மோட்டர் ஓடத் தொடங்கும். உள்ளே மழை சுவரில் அடிப்பதுபோல் சளசளவென்று கேட்கும். சுழற்சிப் பம்ப் தண்ணீரைத் தெளிகைகளுக்குள் அனுப்ப, அந்தக் கைகள் சுழன்று கோப்பைகளைக் கழுவுகின்றன.

இருபதாவது நிமிடம் அளவில் "க்ளக்" என்று பலமான ஒரே ஒரு சத்தம். சவர்க்காரக் கட்டி வைக்கும் சிறு பெட்டியின் மூடி திறந்து விழுகிறது. அம்மா "ஆரோ தட்டுறாங்கள்" என்று சொன்னது இதைத்தான். அதன் பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறு "டிக்". எங்கள் மெசின் மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் தண்ணீரை மாற்றி மாற்றி அனுப்பும் வகை. அந்த மாற்றியின் சத்தம் அது.

பிறகு வெளியேற்றம், மறுபடி தண்ணீர், அலசல், மறுபடி வெளியேற்றம். வெளியேற்றம் முடியும்போது, பேணியில் கடைசி மிடறை உறிஞ்சுவதுபோல் "கொர்கொர்". தண்ணீர் தீர்ந்து பம்புக்குள் காற்று போகும்போது வருகிற சத்தம் அது, வரத்தான் வேண்டும். இடையில் இரண்டு மூன்று நிமிடம் எந்தச் சத்தமும் இல்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் மெசின் ஊற வைக்கிறது, அல்லது தண்ணீரை மென்மையாக்கும் பகுதிக்கு உப்புத் தண்ணீர் விடுகிறது. கடைசியில் உலரும்போது, சூடான உருக்குச் சுவர் ஆறிச் சுருங்குவதால் அங்கொன்றும் இங்கொன்றுமாக "டிக், டிக்".

இவை எல்லாம் வழமையான சத்தங்கள்.

ரீங்காரம் வந்தால் தண்ணீரைக் கேளுங்கள்

எங்கள் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அதாவது மின்னோட்டம் திசை மாறி மாறி நொடிக்கு 50 முழுச் சுற்றுகள் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மின்காந்தம் இரண்டு தரம் இழுப்பதால், அதோடு நேரடியாக இணைந்த பாகம் நொடிக்கு 100 தரம் அதிரும். தண்ணீர் எடுக்கும் வால்வின் ரீங்காரமும் பழைய வகை வெளியேற்றும் பம்பின் உறுமலும் ஏறத்தாழ ஒரே சுருதியில் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே சுருதியை வைத்து எது எதென்று பிரிப்பது கடினம். வேகத்தை மாற்றி ஓடும் புதிய மோட்டர்களில் சுருதி ஏறி இறங்குவதும் இயல்பு.

பிரித்தறிய நல்ல வழி, ரீங்காரத்தோடு தண்ணீர் ஓசையும் சேர்ந்து வருகிறதா என்று கேட்பது. ரீங்காரத்தோடு "ஸ்ஸ்" வந்தால் தண்ணீர் உள்ளே வருகிறது. சளசளப்பு வந்தால் கழுவுகிறது. கழிவுக் குழாயில் ஓட்டம் கேட்டால் வெளியே போகிறது. ரீங்காரம் மட்டும் இருந்து தண்ணீர் ஓசை இல்லாவிட்டால், ஏதோ ஒன்று அசைய முயன்று அசைய முடியாமல் நிற்கிறது.

எங்கள் வீட்டில் முதலில் வந்தது இந்த வகைதான். நான்கு மாதம் போன பின், தண்ணீர் எடுக்கும்போது வரும் ரீங்காரம் நீண்டுகொண்டே போனது. முதல் இரவு ஒன்றரை நிமிடம் என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது நான்கு நிமிடத்தைத் தாண்டியது. "ஸ்ஸ்" என்ற சத்தமும் நூல்போல் மெலிந்துவிட்டது. ஒருநாள் தண்ணீர்க் குழாய் அடையாளம் எரிந்து மெசின் நின்றது.

யாழ்ப்பாணத்தில் இதை இரண்டு பக்கமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, அழுத்தம். எங்கள் தண்ணீர் கிணற்றிலிருந்து மோட்டரால் ஏறி, பன்னிரண்டு அடித் தூணில் இருக்கும் தாங்கியில் நின்று, தன் பாரத்தில் இறங்கி வருகிறது. பத்து மீற்றர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். மெசினின் நுழைவாயில் தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில் இருப்பதால், தாங்கியின் அடி அதற்கு மேலே மூன்று மீற்றரைக் கொஞ்சம் தாண்டி இருக்கிறது. தாங்கி நிறைந்திருந்தால் கிடைப்பது 0.4 பார் அளவு, வற்றும்போது 0.3 பார் அளவு. பல மெசின்கள் கேட்கும் ஆகக் குறைந்த அழுத்தம் 0.3 அல்லது 0.5 பார். அப்படியானால் நாங்கள் விளிம்பில் நிற்கிறோம். சிறு அடைப்பு வந்தாலும் மெசினுக்குத் தண்ணீர் போதாது.

இரண்டாவது, அந்த அடைப்பு. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. வற்றாத ஆறு எங்களுக்கு இல்லை. மழைத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வரும்போது சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிப்பது இதனால்தான். மெசினின் தண்ணீர்க் குழாய் பொருந்தும் இடத்தில் விரல் நுனி அளவில் ஒரு வலை இருக்கிறது. கிணற்றுப் பொடி மணலும் சுண்ணாம்பும் முதலில் சேரும் இடம் அந்த வலைதான்.

பிளக்கைக் கழற்றினேன். குழாயைப் பூட்டினேன். முக்கால் அங்குலக் குழாயின் மரையைத் திருகிக் கழற்றி, வலையைச் சாவணத்தால் மெல்ல இழுத்து எடுத்தேன். பாதி வலை வெள்ளையாக மூடியிருந்தது. ஒரு மணி நேரம் வினாகிரியில் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தது. மறுபடி பூட்டுவதற்கு முன் குழாயை ஒரு வாளிக்குள் விட்டு, பத்து லீற்றர் நிறைய எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். ஒரு நிமிடமும் சில நொடிகளும் எடுத்தது. நிமிடத்துக்குப் பத்து லீற்றர் வேண்டும் என்று சில கையேடுகள் சொல்கின்றன. எங்களுடையது அதற்கு ஓரளவு அருகில் இருக்கிறது. அன்றிரவு ரீங்காரம் மறுபடி ஒன்றரை நிமிடத்துக்கு வந்துவிட்டது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வலையைக் கழுவுகிறேன்.

ஒரு எச்சரிக்கை: சில மெசின்களில் தண்ணீர்க் குழாயின் நுனியில் தடித்த பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று இருக்கும். தண்ணீரைத் தடுக்கும் மின் வால்வு அதற்குள் இருக்கிறது. அந்த வகையில் ரீங்காரம் மெசினிலிருந்து வராமல் சிங்கின் கீழிருந்து வரும், அது வழமை. அந்தக் குழாயை வெட்டவோ தண்ணீரில் தோய்க்கவோ கூடாது.

தண்ணீர் நன்றாக வந்தும் ரீங்காரம் நிற்காவிட்டால், கழிவுக் குழாயைப் பாருங்கள். எங்கள் ஊரில் குசினித் தண்ணீரை வாழைப் பாத்திக்கு விடுவது வழக்கம். மெசினின் கழிவுக் குழாய் உயரத்தில் ஒரு வளைவு எடுக்காமல் நேரே தாழ்வான பாத்திக்கு இறங்கினால், உள்ளே வந்த தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியே போய்விடும். மெசின் நிரப்பிக்கொண்டே இருக்கும். குழாயைக் கையேடு சொல்லும் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் இது தீரும்.

கடகட என்றால் எந்த நேரத்தில் என்று கேளுங்கள்

கடகடப்பு இரண்டு இடத்திலிருந்து வரும். கழுவும்போது வந்தால் பெரும்பாலும் பாத்திரம். வெளியேற்றும்போது வந்தால் பம்ப்.

கழுவும்போது "டொக், டொக், டொக்" என்று ஒரே தாளத்தில் வந்தால், சுழலும் கை ஏதோ ஒரு பாத்திரத்தில் இடிக்கிறது. நீளமான கரண்டிக் காம்பு தட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது பெரிய தட்டம் மேல் கையைத் தொடும். கதவை மூடுமுன் இரண்டு கைகளையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் இந்தச் சத்தம் வராது. தாளமில்லாத "கிணுகிணு", மெல்லிய எவர்சில்வர்ப் பேணிகள் ஒன்றோடொன்று உரசுவது. அதனால் மெசினுக்குப் பாதகமில்லை.

ஆனால் கவிழ்ந்திருந்த பேணி நிமிர்ந்துவிட்டால் வேறு சத்தம் வரும். நிமிர்ந்த பாத்திரத்தில் தண்ணீர் தேங்கும். அடியில் தண்ணீர் குறையும். சுழற்சிப் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். மோட்டரின் தொனி ஏறி இறங்கி, ஓடி நின்று ஓடுவதுபோல் கேட்கும். கை கழுவும் சவர்க்காரத் திரவத்தை மெசினில் விட்டவர்களுக்கும் இதே சத்தம் வரும், காரணம் நுரை. கதவைத் திறந்து, நிமிர்ந்த பேணியைக் கவிழ்த்துவிட்டால் சரியாகும்.

வெளியேற்றும்போது வந்த கடகடப்பு எங்களுக்குக் கற்றுத் தந்தது வேறு. சமையலுக்கு உதவ வந்த அக்கா ஒருவர், நல்ல மனதோடு, அம்மாவின் சிரட்டை அகப்பையையும் உள்ளே வைத்துவிட்டார். சிரட்டையும் மரக்காம்பும் சூட்டில் ஊறி உலர்ந்து வெடிக்கும். அவை மெசினுக்குப் போகக்கூடாது. இரண்டு நாளுக்குப் பிறகு அம்மா அழைத்தார்.

"கழுவேக்க நல்லா ஓடுது தம்பி. தண்ணி விடேக்க மட்டும் கல்லுக் குலுக்கிற மாதிரி கடகடவெண்டு கேக்குது."

இப்படிச் சொன்னதே பாதி வேலையை முடித்துவிட்டது. கழுவும்போது இல்லை, வெளியேற்றும்போது மட்டும் என்றால், ஏதோ ஒன்று வடிகட்டியைத் தாண்டி வெளியேற்றும் பம்புக்குள் போய்விட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் கடகடப்பும் நின்று, தண்ணீர் ஓசை இல்லாத வெறும் "உர்ர்ர்" மட்டும் வந்தது. அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. பம்பின் சிறு சக்கரம் இறுகிவிட்டது.

பிளக்கைக் கழற்றினேன். தண்ணீரைப் பேணியால் அள்ளி, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். உருளை வடிகட்டியைத் திருகிக் கழற்றும்போது காரணம் புரிந்தது. அது பூட்டு நிலைக்குத் திருகப்படாமல் சும்மா செருகியிருந்தது. கடைசியாகக் கழுவியவர் திருக மறந்திருக்கிறார். அந்த இடைவெளியால் துண்டு உள்ளே போயிருக்கிறது. கீழே பம்பை மூடும் வெள்ளை மூடியை ஒரு கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தேன். உள்ளே விரல் விடவில்லை; உடைந்த கண்ணாடியாகவும் இருக்கலாம். ரோர்ச் அடித்துப் பார்த்து இடுக்கியால் எடுத்தபோது, சுண்டுவிரல் நக அளவில் சிரட்டைத் துண்டு வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சக்கரத்தை ஒரு குச்சியால் சுற்றிப் பார்த்தால் அது சீராகச் சுழலாது. தடக், தடக் என்று இடறி இடறித்தான் போகும். உள்ளே நிலைக்காந்தம் இருப்பதால் அப்படி. அதைப் பழுது என்று நினைத்துப் புதுப் பம்ப் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இடறிச் சுழன்றால் நல்லது. சுழலாமல் இறுகினாலோ, எந்தத் தடையும் இல்லாமல் லேசாகச் சுழன்றாலோ தான் பழுது. மூடியை "டிக்" என்று பொருந்தும்வரை அமர்த்தி, வடிகட்டியைப் பூட்டு நிலைக்குத் திருகி ஓடவிட்டேன். கழிவுக் குழாயில் தண்ணீர் பாயும் ஓசை வந்தது.

எங்கள் சமையலில் இந்தப் பம்பை இறுக்கக்கூடியவை பல: பாரை மீனின் முதுகெலும்புத் துண்டு, புளியங்கொட்டை, தேசிக்காய் விதை, முருங்கைக்காய்ச் சக்கையின் நார். கோப்பையைக் கழுவி வைக்க வேண்டியதில்லை. இவற்றை வழித்து வாளியில் போட்டால் போதும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு

இந்தப் பகுதியை வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்காக எழுதுகிறேன். ஊரில் வீடு கட்டி, டிஷ்வோஷரும் பூட்டி, வருடத்தில் ஒருமுறை திருவிழா நேரம் மட்டும் வந்து திறக்கிற வீடுகள் எங்கள் பக்கம் பல இருக்கின்றன. பதினொரு மாதம் சும்மா கிடந்த மெசினில், அடியில் இருந்த கொஞ்சத் தண்ணீரும் வற்றிச் சுண்ணாம்பு படிந்துவிடும். பம்பின் சீலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பொத்தானை அமர்த்தினால் ரீங்காரம் மட்டும் வரும், தண்ணீர் அசையாது. உடனே பழுது என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

மெசினை நிறுத்தி, அடியில் இரண்டு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு குறுகிய ஓட்டத்தில் போடுங்கள். பல தரம் அது மெல்ல அசைந்து ஓடத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்குமேல் வெறும் ரீங்காரமே நின்றால், திரும்பத் திரும்ப முயலாதீர்கள்; அசையாத மோட்டர் சூடாகிச் சுருள் எரியும். பழுது பார்ப்பவரை அழைப்பதுதான் வழி. திரும்பிப் போகும்போது கடைசியாக ஒரு ஓட்டம் வெறுமையாக ஓடவிட்டு, அடித் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி, குழாயைப் பூட்டி, கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். ஊரில் யாராவது மாதம் ஒருமுறை ஓடவிட்டால் இன்னும் நல்லது.

மென்மையாக்கும் பகுதிக்கு அதற்கென்று விற்கும் உப்பையே போடுங்கள். ஆனையிறவுக் கடலுப்பு சமையலுக்கு அருமையானது. ஆனால் கடலுப்பில் மக்னீசியமும் கரையாத துகளும் கலந்திருக்கும். மேசை உப்பு மிகப் பொடி, கட்டி பிடிக்கும். இரண்டுமே அந்தப் பகுதிக்கு ஆகாது.

கையை வைக்கக் கூடாத சத்தங்கள்

இரண்டு சத்தங்களுக்கு வீட்டு மருந்து இல்லை. மெசினைப் பொத்தானில் நிறுத்திய பிறகும், கதவு திறந்திருக்கும்போதும் வெளியேற்றும் பம்ப் விடாமல் உறுமினால், அடித்தட்டில் தண்ணீர் கசிந்து பாதுகாப்பு மிதவை எழும்பிவிட்டது என்று பொருள். குழாயைப் பூட்டுங்கள், பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு ஆளை அழையுங்கள். மற்றது, கழுவும் மோட்டரின் தொனி மாதத்துக்கு மாதம் கூடி, ஆகாய விமானம் போல இரைவது. பெயாரிங் தேய்கிறது. சீல் வழியாகத் தண்ணீர் கசியத் தொடங்குமுன் காட்டிவிடுவது செலவைக் குறைக்கும்.

அம்மா இப்போது பயப்படுவதில்லை. "க்ளக்" கேட்டால் "சவர்க்காரம் விழுந்திட்டுது" என்கிறார். உங்கள் மெசினுக்கும் ஒரு நாள் ஒதுக்கி, நன்றாக ஓடும் காலத்திலேயே அதன் சத்தங்களை நிமிடத்தோடு எழுதி வையுங்கள். ஆளை அழைக்க நேர்ந்தால் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். தண்ணீர் எடுக்கும்போதா, கழுவும்போதா, வெளியேற்றும்போதா என்றும், தண்ணீர் ஓசை சேர்ந்து வருகிறதா என்றும் சொல்லுங்கள். தண்ணீர் ஓசை இல்லாத ரீங்காரம் கேட்டால், ஒரு நிமிடத்துக்குள் மெசினை நிறுத்துங்கள்.